சுயவிவரம்: பா. முத்துலட்சுமி

விண்ணப்பிக்கும் வேலை: சூப்பர் மார்க்கெட்டில் விற்பனை உதவியாளர் அல்லது பில் போடும் வேலை

பிறந்த தேதி: 14.06.2007
தந்தை: பாண்டி, மளிகைக் கடை
முகவரி: பெருமாள் கோவில் தெரு, திருமங்கலம், மதுரை மாவட்டம்
கைபேசி: உறையின் மேல் எழுதியுள்ளேன். அப்பாவின் எண்; கடை நேரத்தில் கூப்பிட்டால் நானே எடுப்பேன்.

படிப்பு
பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு, அரசுப் பள்ளி, 2025: 600-க்கு 472. கணக்குப்பதிவியலில் 91.
பத்தாம் வகுப்பு, 2023: 500-க்கு 378.

அனுபவம்
சம்பளத்துக்கு இதுவரை வேலை பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் மளிகைக் கடையில் மாலை 6 முதல் 9 வரையும், ஞாயிறு முழு நாளும் இருக்கிறேன். பரீட்சை மாதங்களில் மட்டும் போகவில்லை.

சில்லறைச் சாமான்களை எடை போட்டுப் பொட்டலம் கட்டுவேன். ஏஜென்சி வண்டி வந்தால் பில்லோடு சரக்கை ஒப்பிட்டு, எண்ணிக்கையும் எம்.ஆர்.பி.யும் சரிபார்த்த பிறகுதான் இறக்க விடுவேன். பிஸ்கட், மசாலா பாக்கெட்டுகளில் தேதி பார்த்துப் பழையதை முன்னால் வைப்பேன். ஜிபேயில் பணம் வந்தால் ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் நம்பாமல் எங்கள் போனிலும் தொகையைப் பார்த்துக்கொள்வேன். தராசுக்கு வருடாவருடம் முத்திரை போடும் தேதியை நினைவில் வைத்திருப்பதும் என் பொறுப்பு.

நான் முழுப் பொறுப்பாகப் பார்ப்பது பற்று நோட்டு. முன்பு எல்லார் பற்றையும் தேதிவாரியாக ஒரே நோட்டில் எழுதுவார்கள். ஒரு வீட்டுக் கணக்கைக் கூட்ட நோட்டு முழுவதும் புரட்ட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பேரேடு படித்ததும் வீட்டுக்கு ஒரு பக்கமாகப் பிரித்தேன். சாமான் வாங்கும்போதே அவர்கள் கண்ணெதிரே எழுதி, தொகையைச் சொல்லிவிடுவேன். 'நான் போன வாரமே இருநூறு கொடுத்தேனே' என்று யாராவது கேட்டால், அவர்கள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். சண்டை வராது. மாத முதல் வாரம் பாக்கி கேட்பதும் நான்தான். நாலு பேர் நிற்கும்போது கேட்க மாட்டேன்.

இரவு கல்லாவை எண்ணி அப்பாவிடம் கணக்கு ஒப்படைப்பேன்.

தெரிந்தவை
தமிழ் நன்றாக எழுதப் படிக்க வரும். ஆங்கிலம் படிப்பேன், பேசுவதில் தயக்கம் உண்டு. பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் படித்ததால் தட்டச்சும் எக்செல்லில் கூட்டல் போடவும் தெரியும். எங்கள் கடையில் கால்குலேட்டர்தான் என்பதால் பில்லிங் மெஷின் பழக்கமில்லை, காட்டிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வேன். 26 கிலோ அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்க முடியாது, நகர்த்துவேன்.

வேலை நேரம்
உடனே சேரலாம். ஞாயிறு, பண்டிகை நாட்களிலும் வருவேன். இரவு 9 மணிக்குப் பேருந்து பிடிக்கும்படி ஷிப்ட் கிடைத்தால் நல்லது. தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர இருக்கிறேன், தேர்வு நாட்களுக்கு மட்டும் விடுப்பு கேட்பேன்.

விசாரிக்க
வணிகவியல் ஆசிரியை எழுதித் தந்த கடிதமும் பள்ளியின் நன்னடத்தைச் சான்றிதழும் இணைத்துள்ளேன். வீட்டார் சொல்வது போதாது என்றால், எங்கள் கடைக்குச் சரக்குப் போடும் ஏஜென்சிக்காரரிடமும் கேட்கலாம்.

மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்.

இடம்: திருமங்கலம்
தேதி: 02.07.2025

(ஒப்பம்)
பா. முத்துலட்சுமி