மண்டபத்துக் கணவாய் சூடானது வண்டியில் இல்லை, வாடியில்

படத்தில் இடப்பக்கம் இருக்கும் கணவாயின் ஓரம் ரோஸ் நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது. வலப்பக்கம் இருப்பது இன்னும் வெள்ளை. இரண்டும் ஒரே படகில், ஒரே காலையில் வந்தவைதான்.

மண்டபத்தில் நாட்டுப்படகுக் கணவாயை வாங்கி, தூத்துக்குடி ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரின் சரக்கு இது. பெயர் போட வேண்டாம் என்றார். லோடுக்கு லோடு கொஞ்சம் சரக்கு இரண்டாம் தரத்துக்குத் தள்ளப்பட்டது. கிலோவுக்கு 90 ரூபாய் குறையும். "வண்டியத்தான் மாத்தணும்னு நெனச்சேன் தம்பி" என்றார். குளிர்சாதன வண்டிக்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

நாங்கள் வெப்பக் காப்புப் பெட்டி விற்பவர்கள். ஆனாலும் முதல் நாள் பெட்டி கொண்டுபோகவில்லை, ஊசி வெப்பமானியோடு போனோம். காலை 7 மணிக்குச் சரக்கு வாடிக்கு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் கூடைகள், மேலே கொஞ்சம் சில்லு ஐஸ். எடை போட்டு, ரகம் பிரித்து, 11 மணிக்கு வண்டி ஏறும்போது கூடையின் நடுவில் இருந்த கணவாயைக் குத்திப் பார்த்தால் 13 டிகிரி! வண்டி கிளம்பும் முன்பே பாதி சேதம் முடிந்திருந்தது. அடிக்கூடைச் சரக்கு வேறு உருகிய நல்ல தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கணவாய்க்கு அதுவும் ஆகாது.

அப்புறம் 12 லோடுகளில் சோதித்தோம். ஒவ்வொரு லோடிலும் 200 கிலோ பழையபடி கூடையில். இன்னொரு 200 கிலோ எங்கள் 70 லிட்டர் காப்புப் பெட்டிகள் ஏழில்: கணவாயைப் பாலிதீன் தாளில் சுற்றி, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ், அடியில் தண்ணீர் வடியும் துளை திறந்தபடி. தரம் பிரித்தது கம்பெனி ஆட்கள். எது கூடையில் வந்தது, எது பெட்டியில் வந்தது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

வண்டி ஏறும்போது பெட்டிச் சரக்கு 3 டிகிரி. கூடையில் போன 2,400 கிலோவில் 336 கிலோ இரண்டாம் தரம். பெட்டியில் போன 2,400 கிலோவில் 108 கிலோதான்.

லோடுக்கு 1,710 ரூபாய் மிச்சம். முழுக்கப் பெட்டியின் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டோம், ஐஸையும் கூட்டினோமே. முன்பு கிலோவுக்கு அரைக் கிலோதான் போட்டார். கூடுதலாக ஆன இரண்டு பார் ஐஸுக்கு 240 ரூபாய் கழித்தால் 1,470. ஏழு பெட்டிக்கு அவர் கொடுத்தது 29,400. சரியாக 20 லோடில் முதல் திரும்பிவிடும். குளிர்சாதன வண்டிப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டார்.

பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கம் கணவாய், நண்டு, இறால் அனுப்புகிறவர்களா? வெப்பமானியோடு ஒரு காலை உங்கள் வாடிக்கு வருகிறோம், அதற்குக் காசு இல்லை. குறை ஐஸில்தான் என்று தெரிந்தால் அதையே சொல்லிவிட்டுத் திரும்புவோம். ஊர் பெயரையும், ஒரு லோடுக்கு எத்தனை கிலோ என்பதையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.