நிலத்தடி நீரியல் முதுநிலைப் படிப்புக்கான நோக்க அறிக்கை

துளைத்து முடித்த போர்வெல்லிலிருந்து கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் பீறிட்டு வரும். வண்டிக்காரர் வி-வடிவத் தகட்டில் உயரம் பார்த்து ‘இரண்டு இஞ்ச்’ என்று சொல்வார். மோட்டாரின் குதிரைத்திறனும் குழாயின் விட்டமும் நடவேண்டிய பயிரும் அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவாகின்றன. 90 பாகைத் தகட்டில் இரண்டு இஞ்ச் என்பது நொடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர். அந்த நேரத்தில் அது சரியான அளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை அது சொல்வதில்லை. கடினப்பாறைப் பகுதியில் ஒரு கிணற்றின் நீடித்த விளைவை, அதாவது வறட்சிக் காலத்திலும் இழுக்கக்கூடிய அளவை, சில மணி நேரச் சோதனையிலிருந்து எவ்வளவு நம்பிக்கையோடு கணிக்க முடியும்? இந்தக் கேள்வியைப் படிக்கவே இந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.

கட்டடப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஒரு சிறு ஆலோசனை நிறுவனத்தில் களப் பொறியாளராகப் பணியாற்றி வருகிறேன். இறைப்புச் சோதனையைத் திட்டமிடுவது, கருவிகளைப் பொருத்துவது, தரவைச் சரிபார்ப்பது, அறிக்கை எழுதுவது ஆகியவை என் பொறுப்பு. பட்டப்படிப்பில் நிலத்தடி நீருக்கு ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. அதில் தைஸ் 1935-இல் தந்த சமன்பாட்டையும், கூப்பர், ஜேக்கப் இருவரும் அதை எளிமையாக்கிய நேர்கோட்டு முறையையும் படித்தோம். இரண்டும் எல்லையில்லாமல் பரந்த, எங்கும் ஒரே தன்மையுள்ள நீர்த்தாங்கியை வைத்து எழுதப்பட்டவை. நான் வேலை செய்யும் பாறையில் மேலே சில மீட்டர் சிதைந்த மண்டலமும் அதன்கீழ் அங்கங்கே வெடிப்புகளும் இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. கோட்பாட்டுக்கும் பாறைக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் எண்களில் எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்கோட்டு முறையின் சூத்திரம் சிறியது:

```
T = 0.183 Q / Δs
```

வெளியேற்றம் Q நாளொன்றுக்கு 86.4 கன மீட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மடக்கை அச்சில் நேரம் பத்து மடங்காகும்போது நீர்மட்டம் மேலும் 3 மீட்டர் இறங்கினால், நீர் கடத்துதிறன் T நாளுக்கு சுமார் 5.3 சதுர மீட்டர். கணக்கு இதோடு முடிவதில்லை. இறைப்பின் தொடக்கத்தில் மோட்டார் எடுப்பது பாறையின் தண்ணீர் அன்று, கிணற்றுக்குள் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர். அந்தப் பாதிப்பு நீங்க ஆகும் நேரத்தை t > 25 r²/T என்று மதிப்பிடுவது வழக்கம். இதில் r கிணற்றின் ஆரம். ஆறரை இஞ்ச் போருக்கு, T ஐந்து என்றால், அது சுமார் 50 நிமிடம். ஆறு மீட்டர் விட்டமுள்ள திறந்த கிணற்றுக்கோ 45 நாள். திறந்த கிணற்றில் நான்கு மணி நேரம் இறைத்து நேர்கோடு வரைபவர் கிணற்றின் கொள்ளளவைத்தான் அளந்திருப்பார். பெரு விட்டக் கிணறுகளுக்கென பாபடோபுலோஸ், கூப்பர் இருவரும் 1967-இல் தந்த தீர்வு இருக்கிறது. கிணற்றுச் சேமிப்பு நீங்காத தரவையும் அது கையாளும். ஆனால் களத்தில் கிடைக்கும் அறிக்கைகளில் நேர்கோடுதான் அதிகம் காணப்படுகிறது, ஏனென்றால் அதற்கு ஒரு அளவுகோலும் மடக்கைத் தாளும் போதும்.

அடுத்த சிக்கல் கோட்டின் சாய்வு நடுவில் மாறுவது. சாய்வு இரட்டிப்பானால் இறைப்பின் தாக்கம் ஒரு தடுப்பெல்லையைத் தொட்டிருக்கலாம்: வெடிப்பு முடியும் இடம், அல்லது குறுக்கே நிற்கும் ஒரு டைக் பாறை. மேலே சொன்ன கிணற்றில் Δs மூன்றிலிருந்து ஆறாகும். பிற்பாதிக் கோட்டை மட்டும் பிடித்தால் T பாதியாகத் தெரியும். முற்பாதியை மட்டும் பிடித்தால் எல்லையே தெரியாது. சாய்வு மாறாமல் திடீரென்று ஒரு படி இறங்கினால் அது வேறு கதை. நீர்மட்டம் நீர் தரும் வெடிப்பைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது, அந்த வெடிப்பு இனி திறந்த குழாய் போல ஒழுகும், இறைப்பைக் கூட்டினாலும் அதிலிருந்து வரவு கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க துளைப்புப் பதிவு வேண்டும்: எந்த ஆழத்தில் துண்டுக் கற்கள் நிறம் மாறின, எங்கே தண்ணீர் கூடியது, கேசிங் எதுவரை இறங்கியது. பல போர்களுக்கு அந்தப் பதிவே கிடையாது. கேசிங்குக்கு வாங்கிய பில்லிலிருந்து சிதைந்த மண்டலத்தின் தடிமனை ஊகிப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அளவீட்டிலும் தவறு நுழைகிறது. வி-தகட்டில் ஓட்டம் உயரத்தின் 2.5 அடுக்கில் மாறும். 60 மில்லிமீட்டர் உயரத்தை 3 மில்லிமீட்டர் தவறாகப் படித்தால், 5 சதவீதப் பிழை ஓட்டத்தில் 12 சதவீதத்துக்கு மேல் போய்விடும். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் தூக்க வேண்டிய உயரம் கூடுவதால் வெளியேற்றமும் குறையும். வால்வைத் தொடக்கத்தில் பாதி மூடி வைத்துப் பிறகு மெல்லத் திறந்து ஈடுகட்டாவிட்டால் Q மாறிலி என்ற அடிப்படையே போய்விடும். முழு அழுத்தத்தைப் பதியும் மானியில் காற்றழுத்த மாற்றமும் கலந்திருக்கும்: ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியதாகக் காட்டும். வெளியே இன்னொரு மானி வைத்து அதைக் கழித்தே ஆக வேண்டும். மின்னழுத்தம் அடிக்கடி மாறும் இணைப்பில் வெளியேற்றம் நிலையாக நிற்காது. அங்கெல்லாம் நான் மீட்சித் தரவையே நம்புகிறேன். மோட்டாரை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதில் வெளியேற்றத்தின் நடுக்கம் பெரும்பாலும் சமனாகிவிடும். கணக்குக்கு அதன் சராசரி போதும். எஞ்சிய இறக்கத்தை t/t' விகிதத்துக்கு எதிராக வரைந்து, கோட்டை நீட்டும்போது விகிதம் ஒன்றுக்கு வருகையில் இறக்கம் சுழியாக வேண்டும். சுழிக்கு வராமல் மேலே நின்றால் நீர்த்தாங்கி சிறியது, எடுத்தது முழுதாகத் திரும்பவில்லை என்று பொருள். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான், குழாயைக் கழற்ற வேண்டும் என்ற அவசரத்தில், முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

இறைப்புப் பக்கம் இப்படியென்றால் வரவுப் பக்கம் இன்னும் தளர்வாக இருக்கிறது. மழைக்குப்பின் மட்டம் 4 மீட்டர் ஏறியது என்றால், நீரூட்டம் என்பது அந்த ஏற்றத்தை விடு நீர்த்திறனால் பெருக்கியது. சிதைந்த கடினப்பாறைக்கு அந்தத் திறன் 1 முதல் 3 சதவீதம் வரை எடுக்கப்படுகிறது. விடை 40 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 120 ஆகவும் இருக்கலாம். மழைநீரின் குளோரைடையும் நிலத்தடி நீரின் குளோரைடையும் ஒப்பிடும் முறை இதற்கு ஒரு சுயேச்சையான சரிபார்ப்பு. 850 மில்லிமீட்டர் மழை, மழைநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், கிணற்றில் 60 மில்லிகிராம் என்றால் நீரூட்டம் 28 மில்லிமீட்டர். ஆனால் வயலில் பொட்டாஷ் உரம் இட்டாலோ சாக்கடை கலந்தாலோ கிணற்றில் குளோரைடு கூடி, நீரூட்டம் குறைவாகக் காட்டும். புரோமைடையும் சேர்த்து அளந்தால் ஓரளவு தப்பிக்கலாம். தடமறி பொருள்களையும் ஐசோடோப்புகளையும் எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று முறையாகக் கற்பது என் முதல் தேவை. வேலையிடத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை, கிடைக்கவும் வாய்ப்பில்லை: மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவோம், எண் வரும், அறிக்கையில் ஏறும்.

இரண்டாவது தேவை எண்முறை மாதிரியாக்கம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மாட்ஃப்ளோவை, பைத்தானில் ஃப்ளோபை வழியாக, சிறிய அளவில் நானாகவே இயக்கப் பழகியிருக்கிறேன். வெடிப்புப் பாறையை நுண்துளைப் பாறையாகப் பாவித்துச் சராசரி எடுப்பது எந்தப் பரப்பளவில் சரி, எந்த அளவுக்குக் கீழே பொய்யாகிறது என்று சொல்லும் கணித அடிப்படை என்னிடம் இல்லை. ஒரே சோதனைத் தரவுக்குப் பல மாதிரிகள் பொருந்தும்போது எதைத் தேர்வது என்பதற்கும், நிச்சயமின்மையை எண்ணாகச் சொல்வதற்கும் புள்ளியியல் வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் வெடிப்பு ஊடக ஓட்டம், தலைகீழ்க் கணிப்பு, களத் தடமறியியல் ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதும், ஆய்வேட்டுக்கு ஒரு முழுப் பருவம் ஒதுக்கப்பட்டிருப்பதுமே நான் இந்தத் துறையைத் தேர்ந்ததற்குக் காரணம். பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளில் என் பயிற்சி மெலிந்தது. முதல் பருவத்தில் அதற்கான இணைப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வேன்.

ஆய்வேட்டுக்கு நான் முன்வைப்பது குறுகிய பொருள். ஒரே சிறு வடிநிலத்தில் உள்ள கிணறுகளில், குறுகிய இறைப்பு, நீண்ட இறைப்பு, மீட்சி ஆகிய மூன்றிலிருந்தும் தனித்தனியே நீடித்த விளைவைக் கணித்து, அதே கிணறுகளில் கோடை முழுவதும் தானியங்கி மானி பதிந்த நீர்மட்டத்தோடு ஒப்பிடுவது. துளைப்புப் பதிவு உள்ள கிணறுகளையும் இல்லாதவற்றையும் பிரித்துப் பார்த்தால், அந்த ஒரு தாள் பதிவு கணிப்பை எவ்வளவு திருத்துகிறது என்பதும் தெரியவரும். பதிவு உண்மையிலேயே பெரிதாக உதவுகிறது என்றால், விலைகூடிய சோதனைகளைவிடத் துளைக்கும் நேரத்தில் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை கல்துண்டு எடுத்து வைப்பதற்கே முன்னுரிமை தரலாம். உதவவில்லை என்று தெரிந்தாலும் அது பயனுள்ள முடிவுதான், நாங்கள் இப்போது அதைக் கேட்டு வாங்கச் செலவிடும் நேரம் மிச்சமாகும்.

பட்டத்துக்குப்பின் களப்பணிக்கே திரும்புகிறேன். ஆறரை இஞ்ச் போருக்கும் திறந்த கிணற்றுக்கும் வெவ்வேறு சோதனை நேரம், எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம், மீட்சியை எவ்வளவு நேரம் பதிய வேண்டும், முடிவை எந்த வரம்போடு எழுத வேண்டும் என்ற விதிகளைக் களப் பணியாளர் கையில் வைத்துக்கொள்ளும் வடிவில் தயாரிப்பதே முதல் வேலை. இப்போதைய நிறுவனத்தின் சோதனைத் தரவை, கிணற்று உரிமையாளர் விவரங்களை நீக்கி, ஆய்வுக்குப் பயன்படுத்த எழுத்துமூல ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அதன் படியும் இரு பரிந்துரைக் கடிதங்களும் விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.