சுழற்சிக் கணக்குகளில் ஐந்து தவறுகள்: பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவுக்கு

திங்கட்கிழமை எழுதிய தேர்வின் 42 தாள்களையும் திருத்தி முடித்துவிட்டேன். சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழந்தவர்கள் மிகக் குறைவு. சூத்திரத்தைச் சரியாக எழுதி, அதைப் பொருந்தாத இடத்தில் போட்டவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஐந்தை இங்கே எழுதுகிறேன். தாள் கைக்கு வந்ததும் உங்கள் தவறு இதில் எது என்று பாருங்கள்.

1. அலகு மாற்றாதது

மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று, இறக்கை நீளம் 0.6 m. v = rω என்று எழுதி 300-ஐ அப்படியே பெருக்கியவர்களுக்கு 180 m/s வந்தது. மணிக்கு 648 கிலோமீட்டர்! அந்த விசிறி கூரையில் நிற்குமா? முதலில் 2π-ஆல் பெருக்கி 60-ஆல் வகுங்கள்: ω = 10π rad/s, v = 18.8 m/s.

2. அச்சைப் பார்க்காமல் I எழுதியது

அதிக மதிப்பெண் போனது இங்கேதான். ஒரு பொருளுக்கு ஒரே நிலைமத் திருப்புத்திறன் என்று எதுவும் கிடையாது. எந்த அச்சைப் பற்றி என்று சொன்னால்தான் அதற்குப் பொருள். வினா இது: சீரான தண்டு, ஒரு முனையிலிருந்து L/4 தொலைவில் தண்டுக்குச் செங்குத்தான அச்சு. பலர் முனைக்குரிய ML²/3-ஐ எடுத்து, அதோடு M(L/4)²-ஐக் கூட்டி 19ML²/48 என்று முடித்திருக்கிறீர்கள்.

இணையச்சுத் தேற்றத்தை நிறை மையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறை மையத்திலிருந்து இந்த அச்சுக்கும் L/4 தொலைவுதான். ஆகவே ML²/12 + ML²/16 = 7ML²/48.

விடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தண்டின் மேல் அச்சை எங்கே வைத்தாலும், முனையில் வைக்கும்போது கிடைக்கும் 16ML²/48-ஐ I தாண்டவே முடியாது. 19 வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். செங்குத்து அச்சுத் தேற்றத்தைக் கோளத்துக்குப் போட்ட இருவருக்கு: அது தட்டையான பொருளுக்கு மட்டும்.

3. இழுவிசை = mg என்று எடுத்தது

4 kg வட்டத்தட்டுக் கப்பி, அதில் சுற்றிய கயிற்றில் 2 kg வாளி. T = 20 N என்று எழுதினால் வாளி அசையாமல் தொங்குகிறது என்று பொருள். ஆனால் அது கீழே இறங்குகிறதே! வாளிக்குத் தனியாக, கப்பிக்குத் தனியாக விசைப்படம் வரையுங்கள்.

வாளி: mg − T = ma
கப்பி: TR = ½MR²α
கயிறு நழுவாததால்: a = Rα

g = 10 m/s² என்றால் a = 5 m/s², T = 10 N. நீங்கள் எடுத்ததில் சரிபாதி. கப்பியின் இரு பக்கமும் கயிறு தொங்கும் கணக்கில், கப்பிக்கு நிறை இருந்தால் T₁, T₂ என்று இரண்டு வேண்டும். இரண்டும் சமம் என்றால் கப்பியைத் திருப்ப எதுவும் மிச்சமில்லை.

4. உருளுவதைச் சறுக்குவதாக நினைத்தது

0.7 m உயரத்திலிருந்து திண்மக் கோளம் நழுவாமல் உருள்கிறது. v² = 2gh போட்டு 3.74 m/s என்றார்கள் பாதிப் பேர். ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போகிறது: mgh = ½mv² + ½Iω². இதிலிருந்து v² = 10gh/7, v = 3.16 m/s. பெஞ்சைச் சாய்த்து ஒரு கோலிக்குண்டையும் ஒரு வளையலையும் ஒன்றாக உருட்டிப் பாருங்கள், கோலி முந்தும். வளையலின் நிறை முழுவதும் ஓரத்தில் இருப்பதால் சுழற்சிக்கு அதிகப் பங்கு போய்விடுகிறது.

இதே வினாவில் உராய்வை μN என்று போட்டவர்களும் உண்டு. நழுவாதபோது உராய்வு அந்த உச்ச மதிப்பில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதைச் சமன்பாட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். திண்மக் கோளத்துக்கு அது (2/7)mg sinθ. இந்த உராய்வு ஆற்றலை வீணாக்குவதும் இல்லை, ஏனென்றால் தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது.

5. கோண உந்தம் மாறாதபோது ஆற்றலும் மாறாது என்றது

I = 2 kg m² உள்ள தட்டு 6 rad/s-இல் சுழல்கிறது. அதன் மேல், அதே அச்சில், I = 1 kg m² உள்ள வளையத்தை வைக்கிறோம். ஆற்றலைச் சமப்படுத்தியவர்களுக்கு 4.9 rad/s வந்தது. சரியான வழி 2 × 6 = 3 × ω, விடை 4 rad/s. ஆற்றல் 36 J-இலிருந்து 24 J ஆகிறது. மீதி 12 J, வளையமும் தட்டும் உரசியதில் வெப்பமாகப் போனது. சுழல் நாற்காலியில் கையை மடக்கும் கணக்கிலோ ஆற்றல் கூடும், அதைத் தருவது உங்கள் தசை.

வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளைக்குள் 2, 4, 5-ஆம் வினாக்களை மறுபடி போட்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் அச்சு எது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத கணக்கைத் திருத்த மாட்டேன்.

இயற்பியல் ஆசிரியர்