துறைத் தலைவர்கள் கூட்டக் குறிப்பு: 8 செப்டம்பர் 2025, திங்கள்

நேரம்: காலை 10.00 முதல் 11.10 வரை. இடம்: தரைத்தளக் கூட்ட அறை.
தலைமை: பொது மேலாளர்.
வந்தவர்கள்: ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளர், ஹவுஸ்கீப்பிங் தலைவர், தலைமைப் பொறியாளர், தலைமைச் செஃப், பாங்க்வெட் மேலாளர், விற்பனை மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, கணக்கு மேலாளர்.
வராதவர்: மனிதவள மேலாளர் (விடுப்பு). அவருக்குப் பதிலாக உதவி மனிதவள மேலாளர் வந்திருந்தார்.
குறிப்பு எழுதியவர்: பொது மேலாளரின் செயலர்.

இந்தக் குறிப்பில் பொறுப்பு என்ற இடத்தில் ஒருவர் மட்டுமே இருப்பார். மற்றவர்கள் உதவலாம், ஆனால் கேள்வி அவரிடம்தான் வரும். கெடு என்றால் அந்த நேரத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும், தொடங்கியிருந்தால் போதாது.

1. சென்ற கூட்டத்தின் பாக்கி

ஐந்து வேலைகளில் நான்கு முடிந்துவிட்டன. நான்காம் மாடியில் நீர்க்கசிவால் மூடிய ஆறு அறைகள் மட்டும் பாக்கி. சென்ற குறிப்பில் அதற்கு ‘விரைவில்’ என்றுதான் இருந்தது. தேதி இல்லாததால் குழாய் வேலை முடிந்த பிறகும் பூச்சு வேலைக்கு ஆள் வரவில்லை. இனி ‘விரைவில்’, ‘முடிந்தவரை’, ‘பார்த்துக்கொள்வார்கள்’ ஆகிய சொற்கள் முடிவு வரிகளில் இடம்பெறாது என்று பொது மேலாளர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டனர்.

முடிவு: ஆறு அறைகளின் பூச்சும் வண்ணமும் முடித்து ஹவுஸ்கீப்பிங்கிடம் ஒப்படைப்பது. ஹவுஸ்கீப்பிங் தலைவர் ஒவ்வொரு அறையையும் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு.
பொறுப்பு: தலைமைப் பொறியாளர். கெடு: 15 செப்டம்பர், திங்கள், மாலை 5.00.

2. செப்டம்பர் 18 குழு வருகை

கூட்டத்தின் பெரும்பகுதி இதற்கே போனது. 62 அறைகள், 110 பேர், இரண்டு இரவுகள். குழு மதியம் 12.30க்கு வருகிறது, நம் செக்-இன் நேரமோ 2.00. ‘வந்ததும் அறை கிடைக்கும்’ என்று விற்பனைத் துறை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. அதை அப்படியே நிறைவேற்ற முடியாது என்று ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளர் கணக்கோடு காட்டினார்: மொத்தம் 140 அறைகள். 17ஆம் தேதி இரவு 112 நிறைந்திருக்கும், ஆறு மூடியிருக்கின்றன, ஆக 22 அறைகள்தான் முன்னாலேயே காலி. மற்றவை அன்று காலை காலியாகும் 58 அறைகளிலிருந்து வர வேண்டும். நான்காம் மாடி அறைகள் 15ஆம் தேதி வந்தாலும் இந்தத் திட்டத்தில் அவற்றைச் சேர்க்கவில்லை. அவை அவசரத்துக்கு.

ஒரு அறைக்கு அரை மணி நேரம் வேண்டும், அதைக் குறைத்தால் குளியலறையில்தான் கை வைப்பார்கள் என்று ஹவுஸ்கீப்பிங் தலைவர் உறுதியாகச் சொன்னார். எட்டுப் பேரை இதற்கென்றே ஒதுக்கினால் 11.00 முதல் 12.30க்குள் 24 அறைகள் வரை முடிக்கலாம். தேவை 18தான். இந்த இடைவெளி வேண்டும் என்றே விடப்பட்டது, தாமதமாகக் கிளம்பும் விருந்தினர் யாராவது இருந்தே தீருவார்கள்.

முடிவு 2அ: 12.30க்கு 40 அறைகள், 2.00க்கு மீதி 22 அறைகள். இதைக் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் தெரிவித்து, அவரிடமிருந்து பதில் பெறுவது.
பொறுப்பு: விற்பனை மேலாளர். கெடு: 9 செப்டம்பர், செவ்வாய், மாலை 5.00.

முடிவு 2ஆ: அறைகளைச் சொன்ன நேரத்தில் தயார் செய்வது. காலியாக இருக்கும் 22 அறைகள் முந்தைய இரவு 9.00க்குள் தயாராகிவிட வேண்டும்.
பொறுப்பு: ஹவுஸ்கீப்பிங் தலைவர். கெடு: 22 அறைகள், 17 செப்டம்பர் இரவு 9.00, மேலும் 18 அறைகள், 18 செப்டம்பர் மதியம் 12.30, மீதி 22 அறைகள், அன்று மதியம் 2.00.

முடிவு 2இ: 18ஆம் தேதி 11.00க்குப் பிறகு லேட் செக்-அவுட் யாருக்கும் கிடையாது. அன்று கிளம்பும் விருந்தினர்களிடம் முந்தைய நாளே சொல்லிவிடுவது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் டூட்டி மேனேஜர் விதிவிலக்கு தரலாம். தந்ததும் ஹவுஸ்கீப்பிங் தலைவருக்குப் போனில் சொல்ல வேண்டும்.
பொறுப்பு: ஃப்ரண்ட் ஆபீஸ் மேலாளர். கெடு: 17 செப்டம்பர், புதன், மாலை 6.00.

3. ‘தயார்’ என்று யார் சொல்வது

சென்ற வாரம் ஒரு விருந்தினர் சாவியோடு போய்க் கதவைத் திறந்தபோது படுக்கை விரிப்பு மாற்றப்படாமல் இருந்தது. கணினியில் அந்த அறை சுத்தம் என்று காட்டியது. சுத்தம் செய்தவர் தவறான அறை எண்ணை அழுத்தியிருக்கிறார், சரிபார்க்க ஆள் இல்லை. ஃப்ரண்ட் ஆபீஸும் ஹவுஸ்கீப்பிங்கும் இதை மறு தரப்பின் வேலை என்று நினைத்திருந்தன. இன்று பேசித் தீர்த்தார்கள்.

முடிவு: அறையைச் சுத்தம் செய்தவர் ‘சுத்தம்’ என்று மட்டுமே குறிக்கலாம். மாடி மேற்பார்வையாளர் உள்ளே போய்ப் பார்த்த பிறகே ‘பரிசோதித்தது’ என்று மாற்ற வேண்டும், அந்த அனுமதி கணினியில் அவருக்கு மட்டும் இருக்கும். ‘பரிசோதித்தது’ ஆகாத அறைக்கு ஃப்ரண்ட் ஆபீஸ் சாவி தராது, விருந்தினர் லாபியில் காத்திருந்தாலும் சரி.
பொறுப்பு: அனுமதி மாற்றத்துக்கும் ஊழியர்களுக்குச் சொல்லித் தருவதற்கும் ஹவுஸ்கீப்பிங் தலைவர். கெடு: 11 செப்டம்பர், வியாழன், மதியம் 12.00. அந்த நிமிடம் முதல் விதி நடைமுறைக்கு வரும்.

4. வெந்நீரும் மூடிய அறைகளும்

பூட்டிக் கிடக்கும் அறைகளின் குழாயில் தண்ணீர் தேங்கினால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அது ஷவர் துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். புகார் வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது என்று தலைமைப் பொறியாளர் சொன்னார், நியாயமான பேச்சு.

முடிவு: வெந்நீர்த் தொட்டி 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. குழாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியாவது வர வேண்டும். மூடிய அறைகளின் எல்லாக் குழாய்களையும் ஷவர்களையும் வாரம் ஒருமுறை, தண்ணீர் தெறிக்காதபடி ஓட விட்டு லாக் புக்கில் எழுத வேண்டும். கொதிநீர் விருந்தினர் கையைச் சுடாமலிருக்க ஷவர்களின் கலப்பு வால்வுகளையும் சரிபார்க்க வேண்டும்.
பொறுப்பு: தலைமைப் பொறியாளர். கெடு: முதல் முறை 10 செப்டம்பர், புதன், மாலை 4.00, அப்புறம் ஒவ்வொரு புதனும். வால்வுகள் 16 செப்டம்பர், செவ்வாய், மாலை 5.00.

5. குழுவின் சாப்பாடு

ஒவ்வாமை உள்ளவர்களின் பட்டியல் இன்னும் சமையலறைக்கு வரவில்லை. அது இல்லாமல் மெனுவை இறுதி செய்ய மாட்டேன் என்றார் செஃப்.

முடிவு 5அ: பெயர், அறை, ஒவ்வாமை மூன்றும் உள்ள பட்டியலைச் செஃப் கையில் தருவது. ஒவ்வாமை யாருக்கும் இல்லை என்றாலும் அதை எழுத்தில் தர வேண்டும்.
பொறுப்பு: விற்பனை மேலாளர். கெடு: 12 செப்டம்பர், வெள்ளி, மாலை 5.00.

முடிவு 5ஆ: பஃபேயில் சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தவை 5 டிகிரிக்குள். மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுவது.
பொறுப்பு: தலைமைச் செஃப். கெடு: 18, 19 செப்டம்பர், ஒவ்வொரு வேளையும், பதிவுத் தாள் அன்றிரவு 11.00க்குள் டூட்டி மேனேஜரிடம்.

6. தீ ஒத்திகை

முடிவு: 16 செப்டம்பர், செவ்வாய், மாலை 3.00க்கு நடத்துவது. நடக்கச் சிரமப்படும் விருந்தினர்களின் அறைப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதை ஃப்ரண்ட் ஆபீஸ் அன்று 2.30க்கு அச்சிட்டுத் தரும்.
பொறுப்பு: பாதுகாப்பு அதிகாரி. கெடு: ஒத்திகை அறிக்கை 17 செப்டம்பர், புதன், காலை 10.00.

7. இரவு ஷிப்ட் ஊழியர் வாகனம்

முடிவு எடுக்கவில்லை. செலவுக் கணக்கு இல்லாமல் பேச முடியாது என்று ஒத்திவைக்கப்பட்டது. எனவே இப்போதுள்ள ஏற்பாடே தொடரும், யாரும் ஊழியர்களிடம் மாற்றம் வரும் என்று சொல்ல வேண்டாம்.
கணக்கைத் தயாரிப்பவர்: கணக்கு மேலாளர். வேண்டிய ஊழியர் எண்ணிக்கையை உதவி மனிதவள மேலாளர் நாளை தருவதாக ஏற்றுக்கொண்டார். கெடு: 19 செப்டம்பர், வெள்ளி, மாலை 4.00.

இந்தக் குறிப்பில் திருத்தம் இருந்தால் 9 செப்டம்பர், செவ்வாய், மதியம் 12.00க்குள் செயலருக்கு எழுதி அனுப்பவும். அதன் பிறகு இதுவே இறுதி. கெடுவைத் தள்ளிப் போட வேண்டுமானால் கெடு வருவதற்கு முன்னால் பொது மேலாளரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டம்: 22 செப்டம்பர், திங்கள், காலை 10.00, இதே அறை.