2026 நிகழ்ச்சி நிரல்: தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த் மன்றத்தின் முதல் கூட்டத்தில் செயலாளர் உரை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்துகள். தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அம்மா அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆயாமார்களே, தாத்தாமார்களே, தம்பி தங்கைகளே! இந்த ஞாயிறு பிற்பகல் சாட்ஸ்வொர்த் வெயிலில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மனம் நிறைந்திருக்கிறது.

நிரலுக்குப் போகுமுன் போன ஆண்டு நடந்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 24, மரபுரிமை நாள் விருந்துக்குக் கோழிக்கறி ஏற்பாடு செய்தோம். அது புரட்டாசி என்பதைச் செயற்குழுவில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டு எழுந்தார்கள். விரதம் இருப்பவரைப் பசியோடு அனுப்பியது நமக்கு அழகல்ல. அதனால் இந்த முறை பஞ்சாங்கத்தை முதலில் விரித்து வைத்தோம். அரசு விடுமுறைப் பட்டியலை அதன் பிறகுதான் எடுத்தோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு தைப்பூசம். அன்று மன்றத்துக்கென்று தனி நிகழ்ச்சி இல்லை. அவரவர் கோயிலில் காவடி எடுப்பீர்கள், பால்குடம் சுமப்பீர்கள். புனித வெள்ளி வாரத்திலும், ஏப்ரல் 3 முதல் 5 வரை, கூட்டம் வைக்கவில்லை. மாரியம்மன் கோயில் தீமிதியை விட்டு யார் வரப்போகிறீர்கள்?

பிப்ரவரி 22ஆம் தேதி தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு நாள். இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமையே அமைந்துவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914இல் பதினாறு வயதில் இறந்தாள். நம் பிள்ளைகளில் பலருக்கு இப்போது அதே வயது. அன்று அவர்கள் ஒவ்வொருவரும் தாளைப் பாராமல் மூன்று நிமிடம் தமிழில் பேச வேண்டும். தடுமாறினால் யாரும் திருத்தக் கூடாது, பேசி முடிக்கட்டும். பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 14 செவ்வாய், தமிழ்ப் புத்தாண்டு. மாலை 6 மணிக்கு இதே மண்டபத்தில் எளிமையாகக் கூடுவோம். ஜூன் 16 இளைஞர் நாள் விடுமுறையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி.

ஜூலை 18, மண்டேலா நாள். அவர் பொதுப்பணிக்குக் கொடுத்த 67 ஆண்டுகளுக்காக ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்கு உழைப்பது இந்த நாட்டின் வழக்கம். இம்முறை அது ஆடி பிறந்த மறுநாள், சனிக்கிழமை. ஆகவே கூழ் காய்ச்சுகிறோம். அம்மனுக்குப் படைத்ததும் பக்கத்துக் குடியிருப்பில் யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு கிண்ணம். அண்டா இரண்டு கைவசம் இருக்கிறது, மூன்றாவது தேவை.

ஆகஸ்ட் 9 பெண்கள் நாளில் ஆயாமார்களின் குரலைப் பதிவு செய்கிறோம். தாலாட்டு, ஒப்பாரி, நலங்குப் பாட்டு என்று நினைவில் எது இருக்கிறதோ அது. முழுப் பாட்டு வேண்டாம், இரண்டு அடி போதும். செப்டம்பர் 24 விருந்து முழுக்கச் சைவம். அன்று ஊரெங்கும் இறைச்சி சுடும் புகை எழும், நம் மண்டபத்தில் சாம்பார் மணக்கட்டும். நவம்பர் 8 தீபாவளி வீட்டோடு.

இந்த ஆண்டின் பெரிய நாள் நவம்பர் 15, ஞாயிறு. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம் டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், ஊர் எல்லாம் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த நாளில் என் தாயார் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு அந்த ஊர்ப் பெயரை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

உங்கள் வீட்டு எண்ணும் கிடைக்கக்கூடும். வீட்டில் பழைய பிறப்புச் சான்று, திருமணச் சான்று எதுவாயினும் எடுத்து வையுங்கள். மார்ச் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நான் இங்கே இருப்பேன், சேர்ந்து தேடுவோம். எழுத்துப்பிழையோடு பதிந்த பெயர்கள் அதிகம், பொறுமை வேண்டும். கிடைத்தவர்கள் நவம்பர் 15 அன்று கடற்கரையில் அந்தப் பெயரையும் ஊரையும் உரக்க வாசிக்கலாம். கிடைக்காதவர்களும் வாருங்கள், நினைவில் உள்ள பெயரைச் சொல்லுங்கள்.

டிசம்பர் 6 ஆண்டுப் பொதுக்கூட்டம், தேர்தல். சந்தா பழையபடி 300 ராண்ட், ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்குப் பாதி. நிரல் அச்சிட்ட தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். அண்டா தருபவர்கள், வண்டியில் இடம் தரக்கூடியவர்கள், கூழுக்குக் கேழ்வரகு மாவு தருபவர்கள் தயவுசெய்து பெயர் எழுதிவிட்டுப் போங்கள். இப்போது பொருளாளர் அம்மா கணக்கு வாசிப்பார்கள். நன்றி, வணக்கம்.