கடிகார முள்ளும் மீதியும்: மட்டு எண்கணிதம்

ஸ்லைடு 1: எண் கோட்பாடு, பாடம் 4

இளநிலை கணிதம், முதலாண்டு

இன்றைய கருவி: சுவரில் தொங்கும் கடிகாரம்

ஸ்லைடு 2: இப்போது மணி 9. இன்னும் 50 மணி நேரம் கழித்து?

9 + 50 = 59
59 = 12 × 4 + 11
முள் நிற்குமிடம்: 11

*பேச:* யாரும் "மணி 59" என்று சொல்வதில்லை. முள் நான்கு சுற்றுச் சுற்றியதைக் கடிகாரம் கணக்கில் வைத்துக்கொள்வதே இல்லை. ஈவைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை மட்டும் காட்டுகிறது. அது பகலா இரவா என்று கேட்டால் 12 மணிக் கடிகாரத்துக்குத் தெரியாது. ரயில்வே கால அட்டவணைக்கு 24 வேண்டியிருப்பது அதனால்தான்.

ஸ்லைடு 3: எழுதும் முறை

a = nq + r, 0 ≤ r < n
(a − b) என்பது n-ஆல் மீதியின்றி வகுபட்டால், a ≡ b (மட்டு n)

59 ≡ 11 (மட்டு 12)
12 ≡ 0 (மட்டு 12)

*பேச:* மூன்று கோடு கொண்ட இந்தக் குறியை 1801-இல் வெளிவந்த தம் நூலில் காஸ் புகுத்தினார். அப்போது அவருக்கு வயது 24. உங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் நாம் 0 எழுதப்போகிறோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஸ்லைடு 4: பின்னோக்கிச் சுழற்றினால்

மணி 3. எட்டு மணி நேரத்துக்கு முன்பு?
3 − 8 = −5 ≡ 7 (மட்டு 12)

பைத்தானில்:
```
print(-5 % 12)          # 7
```
சி மொழியில்:
```
printf("%d", -5 % 12);  // -5
```

*பேச:* இரண்டும் பிழையல்ல. −5, 7 இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. ஆனால் மீதி குறை எண்ணாக இருக்கக்கூடாது என்பது நம் விதி. தேர்வில் −5 என்று எழுதி நிறுத்தினால் மதிப்பெண் தரமாட்டேன்.

ஸ்லைடு 5: 7¹⁰⁰ மணி நேரம் கழித்து முள் எங்கே?

தொடக்கம்: 12
7² = 49 ≡ 1 (மட்டு 12)
7¹⁰⁰ = (7²)⁵⁰ ≡ 1⁵⁰ = 1

*பேச:* 85 இலக்க எண் அது. அதை முழுதாக எழுதவே வேண்டாம். கூட்டலிலும் பெருக்கலிலும் எந்தக் கட்டத்திலும் மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்லைடு 6: ஏழு எண் கொண்ட கடிகாரம்

15 ஆகஸ்ட் 1947: வெள்ளி
26 ஜனவரி 1950: ?

இடைப்பட்ட நாட்கள் 731 + 164 = 895
895 = 7 × 127 + 6
வெள்ளியிலிருந்து 6 நாள்: வியாழன்

*பேச:* 731-இல் அந்த ஒன்று, 1948 பிப்ரவரி 29. அதை விட்டவர்களுக்குப் புதன் வரும்.

ஸ்லைடு 7: அறுபது எண் கொண்ட கடிகாரம்

1987 = பிரபவ = 0
1947 − 1987 = −40 ≡ 20 (மட்டு 60)
பிரபவவை 0 என எண்ணினால், 20: சர்வசித்து

*பேச:* சித்திரையில் ஆண்டு பிறக்கும் என்பதால், ஜனவரித் தேதிக்கு ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதும் இதே வட்டம்தான்.

ஸ்லைடு 8: வகுத்தலில் கடிகாரம் ஏமாற்றும்

2 × 3 ≡ 2 × 9 (மட்டு 12)
ஆனால் 3 ≢ 9 (மட்டு 12)

*பேச:* இங்கே நிதானமாக நில்லுங்கள். இருபுறமும் 2-ஐ அடித்துவிடலாம் என்று கை தானாகப் போகும். ஏன் கூடாது என்பதை மாத்திரையை வைத்துப் பார்ப்போம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் காலை 6, பகல் 2, இரவு 10, மறுபடி 6. மூன்றே இடங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 6, 11, 4, 9, 2 என்று முள் பன்னிரண்டு எண்களையும் தொட்டுவிட்டுத்தான் 6-க்குத் திரும்பும். வேளை தவறாமல் விழுங்க எட்டுதான் வசதி. கணிதத்துக்கு ஐந்துதான் நல்லது.

ஸ்லைடு 9: காரணம்

k, k எனத் தாவினால் தொடும் இடங்கள்: n ÷ (k, n-இன் மீ.பொ.வ.)

8, 12: மீ.பொ.வ. 4, இடங்கள் 3
5, 12: மீ.பொ.வ. 1, இடங்கள் 12

மீ.பொ.வ. 1 ஆக இருந்தால் மட்டுமே k-ஐத் தயங்காமல் அடிக்கலாம்.

ஸ்லைடு 10: வீட்டுக்கு

1. மணி 4. இன்னும் 1000 மணி நேரம் கழித்து?
2. 5x ≡ 1 (மட்டு 12). x என்ன?
3. 8x ≡ 1 (மட்டு 12) என்பதற்கு விடையே இல்லை. சூத்திரம் எழுதாமல், முள்ளை 12-இலிருந்து தாவவிட்டுக் காட்டுங்கள்.