அரையாண்டுக் கணிதத் தாள் குறித்து முத்துவின் அம்மாவுக்கு

முக்கூடல்
8.1.2025

வணக்கம் அம்மா,

திங்கட்கிழமை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தபோது நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "வீட்டுல நல்லாத்தானே போடுதான் சார், பரீட்சையில மட்டும் ஏன் இப்படி?" என்றீர்கள். மணி அடித்துவிட்டது, உங்களுக்கும் கடையில் பீடி கொடுக்க நேரமாகிவிட்டது. "கவனம் பத்தலம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிடக்கூடிய பதில் அது. அதன் பிறகு இரண்டு நாளாக முத்துவின் விடைத்தாளையும் வீட்டுப்பாட நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி என்று புரிந்தது.

நூற்றுக்கு 58 வாங்கியிருக்கிறான். செய்முறை வடிவியல் 8க்கு 8, வரைபடம் 8க்கு 8. இவ்வளவு சுத்தமாகக் கோடு போடுகிற பையன் வகுப்பில் நாலைந்து பேர்தான். போன 42 மார்க்கில் 16 மார்க் ஒரே காரணத்தால் போயிருக்கிறது. காரணிப்படுத்துதல். அது தனிக்கேள்வியாக வருவது கொஞ்சம்தான். ஆனால் இருபடிச் சமன்பாடு, மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதமுறு கோவை என்று எதைத் தொட்டாலும் நடுவில் அது வந்து நிற்கும். அந்த இடத்தில் சறுக்கினால் கீழே உள்ள வரியெல்லாம் வீண்.

காரணிப்படுத்துதல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆயிரம் பீடியை நீங்கள் 25 பீடிக் கட்டாக 40 கட்டு போடுகிறீர்கள். 40ஐ 25ஆல் பெருக்கினால் ஆயிரம். ஆயிரத்தை முன்னால் வைத்துவிட்டு, "இது எதை எதைப் பெருக்கி வந்தது?" என்று கேட்டால் அதுதான் காரணி. முத்துவுக்கு எண்ணோடு x சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் அவனைக் கூப்பிட்டு இதைக் கொடுத்தேன்:

x² − x − 72

பெருக்கினால் 72, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1 வருகிற மாதிரி இரண்டு எண் வேண்டும். "ஆறு, பன்னிரண்டு" என்றான். கழித்தால் 6 வருகிறதே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "பன்னிரண்டு, ஆறு" என்றான். சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டான். சரி என்று, "ஒம்போ எட்டு எவ்வளவுலே?" என்று கேட்டேன். வாய் மூடுமுன் "எழுபத்திரண்டு" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

வாய்ப்பாடு அவனுக்குத் தெரியும் அம்மா. முன்னால் மட்டும் தெரியும். 9, 8 என்றால் 72 வந்து விழும். 72 என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ஒரு ஜோடியோடு நின்றுவிடுகிறான். காரணிப்படுத்துதலில் முழுக்க முழுக்கப் பின்னால் நடக்க வேண்டும். 72க்கு 1, 72, 2, 36, 3, 24, 4, 18, 6, 12, 8, 9 என்று ஆறு ஜோடி இருக்கிறது. ஆறையும் வரிசையாக எழுதிப் பார்க்கிற பிள்ளைக்குச் சரியான ஜோடி தப்பாது. முத்து ஒரு ஜோடி தேடிவிட்டு, அடுத்ததுக்கு மனம் விட்டுவிடுகிறான். தாளில் 5 மார்க் கேள்வி ஒன்று நம்பரோடு வெறுமனே நிற்கிறதே, அதன் கதை இதுதான்.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். தேர்வில் இந்தக் கணக்கு வந்தது:

2x² − x − 15 = 0

நடுவில் உள்ள −x ஐ −6x, +5x என்று பிரிக்க வேண்டும். அவன் +6x, −5x என்று பிரித்து, (x + 3)(2x − 5) என்று கொண்டுபோய், விடை −3, 5/2 என்று எழுதியிருக்கிறான். சரியான விடை 3, −5/2. எண் எல்லாம் சரி, குறி மட்டும் தலைகீழ். அவன் எழுதியதைத் திரும்பப் பெருக்கினால் 2x² + x − 15 வரும். கேள்வியில் மைனஸ், இங்கே பிளஸ். பெருக்கிப் பார்க்க அரை நிமிஷம் போதும். அவன் பார்க்கவில்லை.

வீட்டில் இதே மாதிரி கணக்கு எப்படிச் சரியாக வருகிறது? நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மைனஸ் இருக்கிற இடங்களில் பேனா இரண்டு தடவை ஓடியிருக்கிறது. பிளஸ்ஸை மைனஸ் ஆக்கியிருக்கிறான், சில இடத்தில் மைனஸ் மேல் குறுக்கே ஒரு கோடு. புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கிறது. போட்டு முடித்ததும் அங்கே பார்ப்பான்; குறி மாறியிருந்தால் கடைசி வரியில் மட்டும் திருத்திவிடுவான். மேலே உள்ள வரிகள் தப்பாகவே இருக்கும். நான் கடைசி வரியைப் பார்த்து சிவப்பு மையில் 'சரி' போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஐம்பது நோட்டு திருத்துகிறவன் அப்படித்தான் செய்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் இதில் பாதித் தப்பு என்னுடையது. அவன் உங்களை ஏமாற்றுகிறான் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். விடை வந்துவிட்டால் கணக்கு வந்துவிட்டது என்றே அவன் நம்புகிறான். பரீட்சை ஹாலில் புத்தகம் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை.

உங்கள் வேலையில் இது நடக்காது. கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்ததால், கொண்டுபோகுமுன் நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறீர்கள் இல்லையா, அந்தப் பழக்கம்தான் அவனுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2x² − 14x + 24 ஐக் காரணிப்படுத்து என்றால் 2(x − 3)(x − 4) என்று எழுத வேண்டும். முத்து அந்த 2ஐ விட்டுவிடுகிறான். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "நீங்கதான் சார் 2ஆல வகுக்கச் சொன்னீங்க" என்கிறான். சொன்னது உண்மைதான். 2x² − 14x + 24 = 0 என்று சமன்பாடாக வந்தால் இரண்டு பக்கமும் 2ஆல் வகுக்கலாம், அந்தப் பக்கம் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். சமன்பாடு இல்லாமல் வெறும் கோவையாக வந்தால் 2ஐத் தூக்கி எறிய யாருக்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரிவதால் குழம்புகிறான். மீ.பொ.வ. கணக்கில் 3 மார்க் இப்படிப் போயிற்று. இது அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்தில் போட்டுப் பார்க்கிறான். அப்படிப் பார்க்கிற பிள்ளை தேறிவிடும்.

கோவையைச் சுருக்கும்போது மேலும் கீழும் இருக்கிற x² இரண்டையும் கோடு போட்டு அடித்துவிடுகிறான். அதுவும் உண்டு. (x² + 5x + 6) ஐ (x² + 8x + 15) ஆல் வகுத்தால் (x + 2)/(x + 5) வரும். அவன் எழுதியது (5x + 6)/(8x + 15). x = 1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். கேள்வியில் 12/24, அதாவது பாதி. அவன் விடையில் 11/23. "பாதி இல்லையே சார்" என்றான். கூட்டலில் நிற்பதை அடிக்க முடியாது, பெருக்கலில் நிற்பதைத்தான் அடிக்கலாம் என்று பத்துத் தடவை சொன்னபோது ஏறாதது, அந்த 11/23ஐப் பார்த்ததும் ஏறிவிட்டது.

டியூஷன் வைக்கவா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. மாதம் பிறந்தால் அது ஒரு செலவு, அங்கேயும் இதே கணக்கை இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். பொங்கல் லீவு முடிந்து 20ஆம் தேதியிலிருந்து காலை எட்டரைக்குப் பள்ளிக்கு அனுப்புங்கள். பிரேயருக்கு முன்னால் அரை மணி நேரம். இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், சேர்த்து உட்கார வைத்துக்கொள்கிறேன். தினம் ஐந்து கணக்கு மட்டும். ஒவ்வொன்றின் கீழேயும் திரும்பப் பெருக்கிய வரி இருந்தால்தான் இனிமேல் நான் 'சரி' போடுவேன், விடை சரியாக இருந்தாலும் கூட. புத்தகத்தின் விடைப் பக்கத்தை ஸ்டேப்ளர் போட்டு அடித்துத் தந்திருக்கிறேன். அதைப் பிரித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. எட்டாவது வரைதான் படித்தேன், எனக்கு என்ன தெரியும் என்று சொன்னீர்கள். இதற்கு எட்டாவது தாராளம். சாயந்திரம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒரு எண் சொல்லுங்கள். 48 என்று வையுங்கள். எந்தெந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் 48 வரும் என்று அவன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 1, 48, 2, 24, 3, 16, 4, 12, 6, 8. ஐந்து ஜோடி. நான்கு சொல்லிவிட்டு எழுந்தால் விடாதீர்கள். மறுநாள் 60, அப்புறம் 36, 90. தினம் இரண்டு எண் போதும், உங்கள் கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். நோட்டைக் கொண்டுவந்து காட்டினால், "பெருக்கிப் பாத்தியா?" என்று மட்டும் கேளுங்கள். கணக்கு புரிந்தாலும் புரியாவிட்டாலும் அது ஒன்றைக் கேட்டால் போதும்.

அவன் அப்பா சென்னையிலிருந்து போனில், "கணக்கு வராட்டா பத்தாவதோட கடையில வந்து நிக்கட்டும்" என்று சொன்னதாக முத்து சொன்னான். சாதாரணமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னான், ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் ஒரு எட்டு பள்ளிக்கோ வீட்டுக்கோ வரச் சொல்லுங்கள். கணக்கு வராத பையனுக்கு வரைபடத்தில் எட்டுக்கு எட்டு வராது என்று நேரிலேயே சொல்கிறேன்.

விடைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் வட்டம் போட்ட இடங்களைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். முதல் திருப்புதல் தேர்வு முடிந்ததும் அந்தத் தாளையும் இப்படியே பார்த்து எழுதி அனுப்புகிறேன். இதில் கையெழுத்துப் போட்டு முத்துவிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது முத்து வந்தான். "சார், 72க்கு ஆறு இல்ல, பன்னெண்டு ஜோடி" என்றான். மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது என்று மைனஸிலும் ஆறு ஜோடி எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். சரிதான்.